ஏணியின் உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? – ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சமூகப்பணி, சமூகவியல் துறைகளில் ஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கணக்கெடுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உங்கள் மாணவர்களின் கேள்வித்தாள்கள் களத்துக்குப் போகும் முன் பல நேரம் என் மேசைக்கு வரும். முன்பெல்லாம் பக்கம் பக்கமாக மனநிறைவு அளவுகோல்கள் இருக்கும். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி: "பூஜ்ஜியம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி உங்களுக்குச் சாத்தியமான மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?"

கேள்வி நல்ல கேள்விதான். கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2005 முதல் உலகம் முழுக்க இதைக் கேட்டு வருகிறது. ஆண்டுதோறும் மார்ச்சில் வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்து முதலிடம், இந்தியா நூறாவது இடத்துக்கும் பின்னால் என்று படிக்கிறோமே, அந்தப் பட்டியல் முழுக்க இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்களின் மூன்றாண்டுச் சராசரி. என் குறை கேள்வியின் மேல் இல்லை. அதை வைத்து உங்கள் மாணவர்கள் செய்யும் ஒப்பீட்டின் மேல். ஆற்றங்கரைக் குடிசையில் இருப்பவர்களையும் சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்களையும் ஒப்பிடுகிறார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களையும் பிள்ளைகளோடு இருப்பவர்களையும் ஒப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அறுபது அறுபது பேர், இரண்டு சராசரி, அவற்றின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க ஒரு டி-டெஸ்ட், அப்புறம் "முதல் குழுவின் வாழ்க்கைத் திருப்தி குறிப்பிடத்தக்க அளவு அதிகம்" என்று ஒரு வரி. அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த ஏணியைச் செய்தவர் ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் இந்தியா உட்படப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் கேட்டு, 1965ல் நூலாக வெளியிட்டார். அவர் எடுத்த எடுப்பில் ஏணியைக் காட்டவில்லை. முதலில், எதிர்காலத்தை நினைத்தால் உங்கள் ஆசைகள் என்ன, எப்படி வாழ்ந்தால் நன்றாக வாழ்ந்ததாக நினைப்பீர்கள் என்று கேட்டார். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, எதற்குப் பயப்படுகிறீர்கள், எது நடந்தால் வாழ்க்கை மிக மோசம் என்பீர்கள் என்று கேட்டார். அதையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் ஏணிப் படம் வந்தது. நீங்கள் முதலில் சொன்னது உச்சி, இரண்டாவது சொன்னது அடி, இப்போது எங்கே நிற்கிறீர்கள், ஐந்து வருடத்துக்கு முன் எங்கே நின்றீர்கள், இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். ஏணியின் இரண்டு முனையையும் பதில் சொல்பவரே கட்டுகிறார். எண் கடைசியில்தான் வருகிறது.

அந்த ஆய்வில் பதிவான இந்தியர்களில் ஒருவர் முப்பத்தைந்து வயது விவசாயக் கூலி. அவருக்கு வேண்டியது ஒரு மகன், அடுத்தவர் நிலத்தில் உழைக்காமல் சொந்தமாய்க் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, பாலுக்கும் நெய்க்கும் ஒரு மாடு, மனைவிக்கு நல்ல துணிமணி. ஏறக்குறைய அதே வயதுள்ள அமெரிக்கர் ஒருவருக்கோ புதிய கார் வேண்டும், படகு வேண்டும், நாலு பிள்ளைகளும் தனியார் பள்ளியில் படிக்க வேண்டும். இரண்டு பேரும் 'ஐந்து' என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாட்டுக்குப் பாதி வழியில் நிற்கிறார், மற்றவர் படகுக்குப் பாதி வழியில் நிற்கிறார். எழுதி வைத்த ஆசைகள் கையில் இருந்தால், அந்த ஐந்துகள் இரண்டும் என்ன என்று படிக்கிறவருக்குப் புரியும். இல்லாவிட்டால் கணினியில் 5, 5 என்று ஏறிவிடும், அவ்வளவுதான்.

கேலப் அந்த முன்பகுதியை விட்டுவிட்டு ஏணியை மட்டும் கேட்கிறது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், நாட்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்பவர்களுக்கு வேறு வழியில்லை என்று ஒரு நியாயமாவது உண்டு. நூற்றிருபது பேரை வீட்டில் உட்கார்ந்து சந்திக்கும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவிக்கு அந்த நியாயம் கிடையாது.

சூழ்நிலை ஒரே மாதிரி இருக்கும் ஆட்களுக்குள் ஒப்பிடும்போது இது பெரிய சிக்கலாகாது. ஒரே தெருவில், ஒரே கூலி வேலையில் இருப்பவர்களின் உச்சியும் அடியும் ஓரளவு ஒத்துப்போகும். சூழ்நிலை தலைகீழாக மாறும் இடத்தில்தான் ஆபத்து, நீங்கள் ஒப்பிடச் சொல்வதோ அத்தகைய குழுக்களைத்தான். குடிசையில் இருப்பவரிடம் மோசமான வாழ்க்கை எது என்று கேட்டால் "வெள்ளம் வந்து எல்லாம் போறது" என்பார், "இருக்கிற இடத்தையும் காலி பண்ணச் சொல்றது" என்பார். அடுக்குமாடிக்குப் போனவருக்கு அந்த அடி இப்போது நினைவில்கூட இருக்காது. அவருடைய அடி வேறு: வேலை செய்த இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது, பஸ்ஸுக்கே கூலியில் பாதி போகிறது. உச்சியும் நகர்ந்திருக்கும். கான்கிரீட் வீடு குடிசைக்காரருக்கு உச்சி. போனவருக்கு அது தரைத்தளம். அவர் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கினால், வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்றும் இருக்கலாம், ஏணியே நீண்டுவிட்டது என்றும் இருக்கலாம். சராசரியைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இதற்கு அமர்த்தியா சென் ஒரு பழைய கணக்கை அடிக்கடி எடுத்துக்காட்டுவார். 1943 வங்கப் பஞ்சத்துக்கு மறுவருடம், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோயாகவோ உடம்பு சுமாராகவோ இருப்பதாகச் சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து வங்காள விதவைகள் ஆண்களைவிட இருபது மடங்கு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பமாட்டோம். முறையிட உரிமை உண்டு என்ற நினைப்பே இல்லாதவர்களிடமிருந்து முறையீடு வரவில்லை. கேரளத்தையும் பீகாரையும் வைத்தும் அவர் இதையே காட்டினார். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. படித்தவருக்கு, பக்கத்தில் மருத்துவமனை உள்ளவருக்கு, எது நோய் என்பதற்கான கோடே வேறு இடத்தில் இருக்கிறது. இவை ஏணிக் கேள்விகள் இல்லைதான். ஆனால் தன்னைத் தானே மதிப்பிடும் எந்தக் கேள்விக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஏழைகள் சொல்லும் எட்டை நம்ப வேண்டாம்" என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் தப்பு. 2001ல் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவின் சேரிவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதைவாசிகள் என 83 பேரைக் கேட்டு எழுதினார்கள். வாழ்க்கையை மொத்தமாக மதிப்பிடச் சொன்னபோது பதில் நடுப்புள்ளிக்குச் சற்றே கீழே. ஆனால் குடும்பம், நட்பு, சாப்பாடு என்று தனித்தனியாகக் கேட்டபோது திருப்தியின் பக்கமே சாய்ந்தார்கள். ஒரு பாட்டி, "எனக்கென்ன தம்பி, மூணு வேளைச் சாப்பாடு, பேத்தி பக்கத்துல இருக்கா, ஒன்பது போட்டுக்கோ" என்றால் அந்த ஒன்பது உண்மையான ஒன்பதுதான். அவர் ஏணியில் அது ஒன்பது. அதைக் கொண்டுபோய் வேறொருவர் ஏணியின் பக்கத்தில் வைத்து யார் உயரம் என்று பார்ப்பதில்தான் கோளாறு.

இனி சராசரிக்கு வருகிறேன். உங்களில் புள்ளியியல் எடுப்பவர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் ஆய்வேட்டில் இது வருவதே இல்லை. ஏணியின் எண்கள் வரிசையைச் சொல்கின்றனவே தவிர தூரத்தைச் சொல்வதில்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போவதும் ஏழிலிருந்து எட்டுக்குப் போவதும் ஒரே தூரம் என்பது நாமாக வைத்துக்கொண்டது. ஒரு சின்னக் கணக்கு: முதல் குழுவில் எல்லோரும் 6 என்கிறார்கள், சராசரி 6. இரண்டாம் குழுவில் பாதிப் பேர் 3, பாதிப் பேர் 8, சராசரி 5.5. முதல் குழு மேல். இப்போது படிகளின் வரிசையைக் குலைக்காமல் இடைவெளியை மட்டும் மாற்றுங்கள். நடுப்படிகள் நெருக்கமாகவும் மேல்படிகள் அகலமாகவும் இருக்கின்றன, 6ஆம் படி உண்மையில் 4.5 உயரத்தில் இருக்கிறது, 3ம் 8ம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று வையுங்கள். முதல் குழு 4.5, இரண்டாம் குழு அதே 5.5. இரண்டாம் குழு மேலே போய்விட்டது. பதில் ஒன்றுகூட மாறவில்லை. டிமதி பாண்டும் கெவின் லாங்கும் 2019ல் வெளியிட்ட கட்டுரையில் மகிழ்ச்சி ஆய்வுகளின் பெயர்பெற்ற முடிவுகளையே எடுத்து இப்படிப் புரட்டிக் காட்டினார்கள்.

எப்போது இப்படிப் புரளும் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு படியிலும் அதற்கு மேலும் எத்தனை சதவீதம் பேர் என்று இரண்டு குழுவுக்கும் எழுதிப் பாருங்கள். 1ம் அதற்கு மேலும், 2ம் அதற்கு மேலும் என்று பத்துவரை. எல்லாப் படியிலும் ஒரே குழு முந்தியோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருந்தால், இடைவெளியை எப்படி இழுத்தாலும் வரிசை மாறாது. ஓரிடத்தில் ஒரு குழுவும் இன்னோரிடத்தில் மற்றதும் முந்தினால், உங்கள் டி-டெஸ்ட் சொல்லும் வெற்றி நீங்கள் ஊகித்த இடைவெளியால் வந்தது. ஒரே அட்டவணை, அரைப் பக்கம். அதைப் போடச் சொல்லுங்கள். ஆனால் இந்த அட்டவணை இடைவெளிச் சிக்கலை மட்டுமே பார்க்கும். இரண்டு குழுவும் வேறு வேறு ஏணியில் நின்றால் அதைக் காட்டிக்கொடுக்காது.

வேறு ஏணிச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. கதைக்குறிப்பு வைத்துக் கேட்பது. கேரி கிங்கும் கூட்டாளிகளும் 2004ல் எழுதிய கட்டுரையால் பரவலானது. அவர்கள் சீனாவிலும் மெக்சிகோவிலும், அரசு முடிவுகளில் உங்களுக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்று கேட்டார்கள். மெக்சிகோவில் 71 ஆண்டுகள் ஆண்ட கட்சியை மக்கள் 2000ல்தான் வாக்களித்து இறக்கியிருந்தார்கள். இருந்தும் சீனர்கள் மெக்சிகர்களைவிட அதிகக் குரல் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு கற்பனை மனிதர்கள் சிலரைப் பற்றிய குட்டிக் கதைகளைச் சொல்லி, இவருக்கு எவ்வளவு குரல் என்று கேட்டார்கள். தன்னை அந்தக் கதாபாத்திரங்களுக்கு மேலே வைக்கிறாரா கீழே வைக்கிறாரா என்று பார்த்தபோது வரிசை தலைகீழானது. வாழ்க்கைத் திருப்தியிலும் இதைச் செய்திருக்கிறார்கள். பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டதில், நாடுகளுக்கிடையே தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, மக்கள் அளவுகோலைப் பயன்படுத்தும் விதத்தால் வந்தது என்று தெரிந்தது.

உங்கள் மாணவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம். முதல் கதை: "செல்விக்கு 40 வயது. கணவர், இரண்டு பிள்ளைகள். வாடகை வீடு, மழைக்கு ஒழுகும். இரண்டு பேருக்கும் வாரத்தில் நாலு நாள் வேலை கிடைக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். யாருக்கும் பெரிய நோய் இல்லை." இரண்டாவது கதையில் மீனா: அதே வயது, சொந்த வீடு, கணவருக்கு மாதச் சம்பளம், கொஞ்சம் சேமிப்பு. இருவரையும் அதே ஏணியில் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு தன்னை நிறுத்தச் சொல்லுங்கள். குடிசையில் இருக்கும் ஒருவர் செல்விக்கு 6, மீனாவுக்கு 9, தனக்கு 5 என்கிறார். அடுக்குமாடியில் இருப்பவர் செல்விக்கு 3, மீனாவுக்கு 6, தனக்கு 5 என்கிறார். இரண்டு பேரும் ஐந்துதான். ஆனால் முதலாமவர் செல்விக்குக் கீழே நிற்கிறார், இரண்டாமவர் செல்விக்கும் மீனாவுக்கும் நடுவில். ஆய்வேட்டில் போட வேண்டியது இந்த இடத்தைத்தான்: செல்விக்குக் கீழ், செல்வியோடு, இருவருக்கும் நடுவில், மீனாவோடு, மீனாவுக்கு மேல் என்று ஐந்து வகை. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

இதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. தன்னை அளக்கும் அதே கோலால்தான் செல்வியையும் அளக்கிறார் என்று நம்பவேண்டியிருக்கிறது. சிலர் அடுத்தவர் கஷ்டத்துக்கு இரக்கப்பட்டுக் குறைத்துப் போடுவார்கள், சிலர் "அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா" என்று தூக்கிவிடுவார்கள். அடுத்து, எல்லோரும் ஒரே செல்வியைத்தான் மனதில் பார்க்கிறார்கள் என்றும் நம்பவேண்டும். இது களத்தில் அடிக்கடி உடையும். கதையைப் படித்து முடித்ததும் அக்காமார்கள் கேட்கும் முதல் கேள்வி, "அவ வீட்டுக்காரர் குடிப்பாரா?" கதையில் இல்லாததை ஒவ்வொரு குழுவும் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்ளும். குடிப்பழக்கம் நிறைந்த பகுதியில் செல்வியின் கணவரும் குடிகாரராகிவிடுவார். முன்னோட்டமாகப் பத்துப் பேரிடம் படித்துக்காட்டி, என்ன திருப்பிக் கேட்கிறார்கள் என்று எழுதி, அதைக் கதைக்குள் சேர்த்துவிடுவது நல்லது. ஆண்களிடம் செல்வியைச் செல்வம் ஆக்குங்கள். ஒரு குழுவில் நிறையப் பேர் மீனாவைச் செல்விக்குக் கீழே போட்டால், கதை புரியவில்லை என்று அர்த்தம். அந்தக் குழுவின் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

கேள்வியை எங்கே வைப்பது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2009ல் கேலப் தினமும் எடுத்த கணக்கெடுப்பில், பாதிப் பேரிடம் ஏணிக்கு முன் நாட்டு அரசியல் பற்றிக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. அரசியல் கேட்கப்பட்டவர்கள் ஏணியில் சுமார் 0.6 படி கீழே நின்றார்கள். பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் இதைத் துருவி எழுதினார். நம் கேள்வித்தாள்களில் ஏணி வருவது பதினாலாம் பக்கத்தில், குடிநீர், கழிவறை, கொசு, கடன் எல்லாம் முடிந்த பிறகு. வீட்டுக் குறைகளை முக்கால் மணி நேரம் பேசிவிட்டு "இப்போது எந்தப் படி" என்றால் என்ன வரும்? அதிலும் குடிசைக்கு ஒரு படிவம், அடுக்குமாடிக்கு வேறு படிவம் என்று போட்டால், நீங்கள் அளந்த வித்தியாசம் படிவத்தின் வித்தியாசமாகவே இருக்கலாம். பெயர், வயது கேட்டதும் ஆசை, பயம், கதைகள், ஏணி என்று வைத்து முடித்துவிட்டு அப்புறம் கொசுவுக்குப் போகலாம். கதைகளைத் தன் படிக்கு முன்னால் கேட்பதால் எண் உலக அறிக்கையோடு நேராக ஒப்பிட முடியாததாகிவிடும். நம் ஆய்வேடுகளுக்கு அது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று எந்தப் புள்ளியியலாலும் சரியாகாது. படிவத்தோடு கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததும் ஜனங்கள் வீடு ஒதுக்கீடு, உதவித்தொகை என்றுதான் நினைப்பார்கள். ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும் குடிசைவாசிக்குத் தன் படியைக் குறைத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் காப்பாளர் வாசலில் நின்றால் பாட்டிக்கு ஏற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. காப்பாளரை வெளியே அனுப்புவது மாணவியால் முடியாது, உங்கள் கடிதம் ஒன்று இருந்தால் முடியும். அப்புறம், அடுக்குமாடியில் ஒத்துவராமல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பழைய இடத்துக்கே திரும்பியவர்களை யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை. இருப்பவர்களை மட்டும் கேட்டால் இடமாற்றத்தின் பலன் உண்மையில் உள்ளதைவிட நன்றாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே வெறும் ஏணியை மட்டும் கேட்டு முடித்துவிட்ட மாணவர்களைத் திரும்பக் களத்துக்கு விரட்டச் சொல்லவில்லை. அந்தத் தரவில் குழுவுக்குள் பார்க்கலாம்: அடுக்குமாடியிலேயே வேலை தொடர்ந்தவர்களும் இழந்தவர்களும் எந்தப் படியில் இருக்கிறார்கள், தரைத்தளத்துக்காரர்களும் எட்டாம் மாடிக்காரர்களும் எங்கே இருக்கிறார்கள் என்று. ஏணி அங்கே ஓரளவு பொதுவானது. இரண்டு குழுவையும் பக்கத்தில் வைக்கத்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன அட்டவணையை வையுங்கள், "திருப்தி அதிகம்" என்று எழுதாமல் "ஏணியில் உயர்ந்த படியைச் சொன்னார்கள்" என்று எழுத விடுங்கள். வைவாவில் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஆசைக்கும் பயத்துக்கும் நான்கு நான்கு வரி இடம் விடுங்கள். ஓர் ஆளுக்கு ஆறேழு நிமிடம் கூடுதலாகும். அதற்கு ஈடாக, எந்த ஆய்வேட்டிலும் யாரும் பயன்படுத்தாத "வீட்டில் உள்ள பொருட்கள்" பட்டியலில் பாதியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கள ஆய்வுப் பயிற்றுநர் ஒருவர்